பிரட்டுக்களத்தில் எடுத்த கணக்கு

சென்ற ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, என் அண்ணன் மகள் பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்த ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தாள். அவள் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. நகரத்துத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் சலுகை விலைக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள். வழக்கமான எஃப்பீசி அறிக்கையின் அடியில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. அதில் N/L Ratio 6.2 என்றும், பக்கத்தில் சிவப்பில் மேல்நோக்கிய அம்புக்குறியும், அதன் கீழே தமிழில் 'மன அழுத்தச் சுட்டி: உயர்வு' என்றும் அச்சிட்டிருந்தார்கள். அவள் உட்காருவதற்கு முன்பே கேட்டாள்: "சித்தப்பா, இது பிரஷரா?"

அந்தக் கேள்வியில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நம் பேச்சில் அழுத்தம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இரத்த அழுத்தம்தான். அடுத்து மனத்தை அழுத்தும் கவலை வரும். அறுவைச் சிகிச்சை, பெருங்காயம், கிருமி பரவிய இரத்தம் போன்றவற்றால் உடலுக்கு நேரும் நெருக்கடியை அந்தச் சொல் யாருக்கும் நினைவூட்டாது. ஆனால் இந்த எண்ணைப் பற்றிய மருத்துவ எழுத்தில் அழுத்தம் என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் அந்த மூன்றாவது பொருளில்தான். மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வெண்குழியங்களை எண்ணிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், அன்று மாலை அவளுக்குப் பாதியும் பிறகு பாதியுமாகச் சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

விகிதம் என்னவோ எளியதுதான். இரத்தத்தில் உள்ள வெண்குழியங்களில் நியூட்ரோபில் எத்தனை சதவீதம், லிம்போசைட் எத்தனை சதவீதம் என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். உயர்தர உயிரியல் படித்தவர்கள் இவற்றை நடுநிலைநாடி, நிணநீர்க் குழியம் என்று படித்திருப்பார்கள். அண்ணன் மகளின் தாளில் மொத்த வெண்குழியம் 11,400. நியூட்ரோபில் 81, லிம்போசைட் 13, மொனோசைட் 5, இயோசினோபில் 1. எண்பத்தொன்றைப் பதின்மூன்றால் வகுத்தால் 6.2 வரும். நோயில்லாத வளர்ந்தவர்களுக்கு இது பெரும்பாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கும். 2017இல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வு, சுகதேகிகளின் எல்லையாக 0.78 முதல் 3.53 வரை குறித்தது. அந்த எல்லைக்குள்ளேயே ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இந்த எல்லை பொருந்தவே பொருந்தாது. ஏறக்குறைய நான்கைந்து வயது வரை அவர்கள் இரத்தத்தில் லிம்போசைட்டே அதிகம் என்பதால், இரண்டு வயதுக் குழந்தையின் விகிதம் ஒன்றுக்குக் கீழே இருப்பதுதான் இயல்பு.

இந்த எண் ஏன் ஏறி இறங்குகிறது என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். காலையில் பிரட்டுக்களத்தில் கூடுகிறவர்களை எண்ணினால் அது தோட்டத்து ஆட்கணக்கு ஆகாது. லயத்தில் இருப்பவர்கள், ஏற்கெனவே மலைக்கு ஏறிவிட்டவர்கள், பிள்ளை மடுவத்தில் நிற்பவர்கள் யாரும் அதில் வரமாட்டார்கள். நாங்கள் ஊசி போட்டு எடுக்கும் இரத்தமும் அப்படிப்பட்ட ஒரு பிரட்டுக்களம்தான். உடலில் உள்ள லிம்போசைட்டுகளில் சுமார் நூற்றுக்கு இரண்டு மட்டுமே எந்த நேரத்திலும் இரத்தத்தில் ஓடுகின்றன. மற்றவை நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் என்பு மச்சையிலும் குடலோரத்திலும் இருக்கின்றன. நியூட்ரோபில்களோ, இரத்தக் குழாய்க்குள் இருப்பவற்றிலேயே ஏறக்குறைய பாதி ஓட்டத்தில் சேராமல் குழாய்ச் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு மெதுவாக உருளுகின்றன. அவை ஊசிக்குள் வருவதில்லை.

உடலுக்கு நெருக்கடி வரும்போது அதிரீனல் சுரப்பி கோர்ட்டிசோல் என்ற ஓமோனை அதிகமாக விடுகிறது. அது சுவரோரம் ஒட்டியிருந்த நியூட்ரோபில்களின் பிடியைத் தளர்த்தி ஓட்டத்துக்குத் தள்ளுகிறது. என்பு மச்சையில் தயாராக இருப்பவற்றை வெளியே வரச் செய்கிறது. இழையங்களுக்குள் நுழைய வேண்டியவற்றைத் தாமதப்படுத்துகிறது. சில மணி நேரமே இரத்தத்தில் இருக்கும் அவற்றின் ஆயுளையும் சற்று நீட்டுகிறது. அதே நேரத்தில் லிம்போசைட்டுகள் இரத்தத்தை விட்டு மச்சைக்கும் கணுக்களுக்கும் தோலுக்கும் இடம் மாறுகின்றன. மேலே இருக்கும் எண் கூடுகிறது, கீழே இருக்கும் எண் குறைகிறது. வகுத்தால் விகிதம் இரண்டு பக்கமாகவும் இழுபட்டு உயர்கிறது. உயிரணுக்கள் புதிதாகப் பெருகியதோ கூட்டமாக அழிந்ததோ இதில் மிகச் சொற்பம். பெரும்பாலும் நடப்பது இடமாற்றம்தான்.

இதற்கு நேரமும் ஒரு விதியாக இருக்கிறது. மருந்தாகக் கொடுக்கும் கோர்ட்டிசோலோ, அதே வகை ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசொலோனோ உடலுக்குள் சென்று நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இந்த மாற்றம் உச்சத்துக்கு வரும். ஒரே ஒரு வேளை மருந்தென்றால் ஒரு நாளைக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அதே சுரப்பி விடும் அதிரீனலின் என்ற இன்னொரு ஓமோனின் வழி வேறு. திடுக்கிட்ட சில நிமிடங்களில் அது நியூட்ரோபிலையும் லிம்போசைட்டையும் சேர்த்தே உயர்த்திவிடும் என்பதால், விகிதம் அந்த நேரத்தில் அசையாமலும் இருக்கலாம், குறையவும் செய்யலாம். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிக் கொண்டுவரப்படுகிறவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நடுங்கிக்கொண்டு வந்து படுத்த உடனே எடுத்த இரத்தத்தில் லிம்போசைட் சில வேளைகளில் வழக்கத்தை விட அதிகமாக இருக்கும். மாலையில் எடுத்தால் லிம்போசைட் குறைந்து நியூட்ரோபில் ஏறியிருக்கும். மனிதர் பயத்தில் உறைந்திருந்த நேரத்தில் எண் அமைதியாகக் கிடந்தது. அவர் தேநீர் குடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கிய பிறகு எண் ஏறியது. அதற்குள் அவருக்கு ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் ஊசியும் போட்டிருப்பார்கள். அந்த ஏற்றத்தில் பயத்தின் பங்கு எவ்வளவு, விஷத்தின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த ஆய்வுகூடத்தாலும் முடியாது.

அண்ணன் மகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, இரத்தம் எடுத்த நேரம் என்ன என்பதுதான். வியாழக்கிழமை பதினொரு மணி என்றாள். அன்று காலையில் ஏதாவது மருந்து குடித்தாயா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வீசிங்குக்குக் குடுத்த குளிசைதான் சித்தப்பா. சின்ன வெள்ளக் குளிசை, காலையில ஏழு மணிக்கு ஆறு குடிக்கச் சொன்னாங்க" என்றாள். செவ்வாய்க்கிழமை மூச்சு இழுத்ததால் டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறாள். நெபுலைஸ் செய்து, ஐந்து நாளைக்குக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் அந்தக் குளிசை உறையை வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினாள். பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம். ஆறு குளிசை என்றால் 30 மில்லிகிராம். ஏழு மணிக்குக் குடித்து, பதினொரு மணிக்கு இரத்தம். சரியாக நான்கு மணி நேரம். பாடநூலுக்கு உதாரணம் காட்ட வேண்டுமென்று யாராவது திட்டமிட்டிருந்தால்கூட இதைவிடப் பொருத்தமான நேரத்தைத் தேர்ந்திருக்க முடியாது.

குளிசை உறையைப் பார்க்காமலேகூட அறிக்கையில் ஒரு தடயம் இருந்தது. இயோசினோபில் 1. இவள் சிறு வயதிலிருந்து இழுப்பு உள்ளவள். அப்படிப்பட்டவர்களுக்கு இயோசினோபில் நான்கு, ஆறு, சிலருக்குப் பத்துக்கு மேலும் இருக்கும். கோர்ட்டிசோல் ஏறினால் இயோசினோபில் இரத்தத்திலிருந்து ஏறக்குறைய மறைந்துவிடும். 1948இல் ஜார்ஜ் தார்ன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் அதிரீனல் சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்க இந்த வீழ்ச்சியையே சோதனையாக வைத்தார்கள்: சுரப்பியைத் தூண்டும் ஊசியைப் போட்டு, நான்கு மணி நேரம் கழித்து இயோசினோபில் எவ்வளவு குறைந்தது என்று எண்ணினார்கள். கோர்ட்டிசோலை நேரடியாக அளக்கும் வசதி வந்த பிறகு அந்தச் சோதனை வழக்கொழிந்துவிட்டது. ஆனாலும் விகிதம் ஏறியிருக்கும் ஒரு தாளைப் பார்க்கும்போது என் கண் முதலில் இயோசினோபில் வரிக்குத்தான் போகும். நாட்பட்ட இழுப்போ குடற்புழுவோ உள்ள ஒருவரிடம் அந்த வரி வெறிச்சோடிக் கிடந்தால், ஸ்டீரொயிட் மருந்து உள்ளே போயிருக்கிறதா அல்லது உடம்பே ஒரு கடுமையான நோயோடு போராடுகிறதா என்று கேட்டாக வேண்டும்.

இந்த இரண்டையும் வேறுபடுத்த, சாயமிட்ட இரத்தப் படலத்தைப் பார்ப்பது உதவும். கிருமித் தொற்று கடுமையாக இருந்தால் முற்றாத நியூட்ரோபில்கள், கரு துண்டுபடாமல் வளைந்த பட்டையாக இருப்பவை, இரத்தத்துக்குள் வரத் தொடங்கும். உயிரணுவுக்குள் கருநீலத் துகள்கள் தடித்துத் தெரியும். ஸ்டீரொயிட்டால் ஏறியிருந்தால் பெரும்பாலும் முற்றிய நியூட்ரோபில்களே நிறைந்திருக்கும். அவள் அறிக்கையில் படலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'மன அழுத்தச் சுட்டி' என்று எழுத இடமிருந்த தாளில் அதற்கு இடமில்லாமல் போனது எனக்குக் கோபத்தையே தந்தது. இரத்தம் எடுத்தவர் என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்கவுமில்லை.

அந்தத் தாளில் நான் கவனித்த இன்னொன்று, சதவீதங்கள் எல்லாம் முழு எண்களாக இருந்ததுதான். இயந்திரம் தரும் சதவீதத்தில் வழக்கமாக ஒரு தசமம் இருக்கும். முழு எண்கள் என்றால் யாரோ ஒருவர் நுணுக்குக்காட்டியின் கீழ் நூறு உயிரணுக்களை எண்ணியிருக்கிறார் என்று ஊகிக்கலாம். அதில் தவறில்லை, நானும் அதைத்தான் தினமும் செய்கிறேன். கண்ணாடித் தட்டில் ஒரு துளி இரத்தத்தை இழுத்து, லீஷ்மன் சாயமிட்டு, எண்ணெய் விட்டு, படலம் மெலிந்து உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும் பகுதியில் கோட்டை மதிலின் பல்வரிசைபோல மேலும் கீழுமாகத் தட்டை நகர்த்தி எண்ண வேண்டும். நேராகப் போகக் கூடாது. நியூட்ரோபில்கள் படலத்தின் ஓரங்களுக்கும் வால்பகுதிக்கும் ஒதுங்கும் இயல்புள்ளவை. லிம்போசைட்டுகள் நடுவில் நிற்கும். ஓரத்திலேயே எண்ணி முடிப்பவருக்கு எல்லா நோயாளிகளும் சற்று 'அழுத்தத்தில்' இருப்பதாகத்தான் தெரியும்.

சரியாக எண்ணினாலும் நூறு என்பது சிறிய தொகை. 81க்கு 13 என்று எண்ணியவர் இன்னொரு நூறை எண்ணியிருந்தால் 79க்கு 15 வந்திருக்கலாம், 84க்கு 11 வந்திருக்கலாம். முதலாவது 5.3, இரண்டாவது 7.6. கீழே இருக்கும் எண் சிறியதாக இருப்பதால் ஒரே ஒரு லிம்போசைட் கூடிக் குறைந்தாலும் விகிதம் அரைப் புள்ளி அளவுக்கு ஆடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நூறு உயிரணுவில் 81க்கு 13 என்று கிடைத்த விகிதத்தின் உண்மையான மதிப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையோடு சொல்வதானால், ஏறக்குறைய 3.5 முதல் 11 வரை எங்கும் இருக்கலாம். அதை 6.2 என்று தசமத்தோடு அச்சிடுவது, தோட்டத்துத் தராசில் கொழுந்தை நிறுத்துவிட்டு நகைக்கடைக் கணக்கு எழுதுவதுபோல. பல்லாயிரம் உயிரணுக்களைப் பார்க்கும் இயந்திரத்தில் இந்தப் பிழை மிகச் சிறியதாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சிறிய இடங்களில் இருக்கும் பழைய வகை இயந்திரங்கள் வெண்குழியங்களை மூன்றாக மட்டுமே பிரிக்கின்றன. அவற்றில் GRAN என்று வருவது நியூட்ரோபில் மட்டுமல்ல, இயந்திரத்தைப் பொறுத்து இயோசினோபில்களும் அதற்குள் அடங்கிவிடலாம். அதை LYM என்ற எண்ணால் வகுத்துவிட்டு நியூட்ரோபில் விகிதம் என்று எழுதினால், இழுப்போ பூச்சித் தொல்லையோ உள்ளவர்களின் விகிதம் காரணமில்லாமல் உயர்ந்து தெரியலாம்.

குளிசை முடிந்து பத்து நாளாவது போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். முதல் பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து, அதே பதினொரு மணிக்கு வரச் சொன்னேன். கோர்ட்டிசோல் விடியலில் உயர்ந்து இரவில் தாழ்வதால், லிம்போசைட் காலையில் குறைந்தும் இரவில் கூடியும் இருக்கும். காலையில் எடுத்ததை மாலையில் எடுத்ததோடு ஒப்பிட முடியாது. பாதையிலிருந்து எங்கள் கட்டடத்துக்கு ஏற்றம் அதிகம், அதனால் இருபது நிமிடம் வாங்கில் உட்கார வைத்துவிட்டே இரத்தம் எடுத்தேன். மூச்சு வாங்க ஏறிவந்த உடனே எடுத்தால் இரண்டு வகை உயிரணுக்களும் பொங்கி நிற்கும்; அதன் பின் ஓரிரு மணி நேரத்தில் லிம்போசைட் வழக்கத்தை விடக் கீழே இறங்கும்.

இடையில் அவள் வாழ்க்கை இன்னும் மோசமாகியிருந்தது. லயத்துக்கு மேலே மண் வெடித்திருப்பதாகச் சொல்லி மண்சரிவு எச்சரிக்கை விடுத்து, எல்லாரையும் அவள் படிப்பிக்கும் பாடசாலைக்கே கூட்டிப் போயிருந்தார்கள். பகலில் வகுப்பு நடத்திய அறையிலேயே இரவில் பாய் விரித்துப் படுத்து ஐந்து நாள் கழித்திருக்கிறாள். கணவன் கொழும்பில். மகளுக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, புத்தகங்கள் எல்லாம் பூட்டிய லயத்துக்குள். இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே நான் படலத்தை இழுத்துக் காயவைத்தேன்.

மொத்த வெண்குழியம் 7,600. நியூட்ரோபில் 58, லிம்போசைட் 30, மொனோசைட் 6, இயோசினோபில் 6. விகிதம் 1.9. எனக்கே சந்தேகம் தீரட்டும் என்று அதே தட்டை இன்னும் இரண்டு தடவை, வேறு வேறு இடத்தில் தொடங்கி எண்ணினேன். 54க்கு 34 வந்தது, பிறகு 62க்கு 27. விகிதமாகச் சொன்னால் 1.6, 2.3. ஒரே இரத்தம், ஒரே தட்டு, ஒரே கண், அரை மணி நேரத்துக்குள் மூன்று எண்கள். மூன்றுமே சாதாரண எல்லைக்குள்தான் என்பதால் முடிவு மாறவில்லை. ஆனால் நேற்று 1.6 இன்று 2.3 என்று யாராவது இதை வைத்து ஒருவருக்கு அழுத்தம் கூடிவிட்டது என்று எழுதியிருந்தால், அவர் அளந்தது என் கை தட்டை நகர்த்திய விதத்தைத்தான்.

சதவீதத்தை விட்டு எண்ணிக்கைக்கு வந்தால் கதை இன்னும் தெளிவாகும். முதல் நாள் ஒரு மைக்ரோலீற்றரில் நியூட்ரோபில் சுமார் 9,200, லிம்போசைட் 1,480. இரண்டாவது நாள் 4,400, 2,280. அதாவது மாத்திரையின் நாளில் நியூட்ரோபில் இரண்டு மடங்காகவும், லிம்போசைட் மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் இருந்திருக்கின்றன. லிம்போசைட் அப்போதும் சாதாரண எல்லையை விட்டு இறங்கவில்லை. விகிதம் மட்டும் கையில் இருந்தால் இது தெரியாது. நியூட்ரோபில் 3,000, லிம்போசைட் 500 என்று உள்ளவருக்கும் விகிதம் ஆறுதான். ஆனால் அந்த மனிதரின் லிம்போசைட் எங்கே போனது என்பது வேறு விதமான, அவசரமான விசாரணை. இரண்டு எண்களை ஒன்றாகச் சுருக்கும்போது எது ஏறியது எது இறங்கியது என்ற செய்தி தொலைந்துவிடுகிறது.

என்னை உறுத்திய பெரிய விஷயம் இது: அவள் கவலை கூடிய பன்னிரண்டு நாளில் 'மன அழுத்தச் சுட்டி' மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஒருவரை வைத்து விதி எழுத முடியாது என்பதும், முதல் எண்ணை மருந்துதான் தூக்கி நிறுத்தியது என்பதும் உண்மை. ஆனாலும் இந்த எண் பிறந்த இடத்தைத் தேடிப் போனால் அதில் வியப்பில்லை. 1983இல் கிராஸ், சீகல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோழிகளில் இதற்கு ஒத்த விகிதத்தை அழுத்தத்தின் அளவுகோலாக முன்வைத்தார்கள்; பறவைகளுக்கு நியூட்ரோபிலுக்குப் பதில் ஹெட்டரோபில் என்ற உயிரணு. கோழிக்கூட்டில் ஒரே வயது, ஒரே தீனி, ஒரே வெளிச்சம் என்று எல்லாவற்றையும் சமப்படுத்திவிட்டுப் பல கோழிகளின் சராசரியை ஒப்பிட முடியும். பிறகு காட்டு விலங்குகளை ஆராய்பவர்களும் இதை விரும்பினார்கள். பிடித்த சில நிமிடங்களிலேயே கோர்ட்டிசோல் போன்ற ஓமோன்கள் ஏறிவிடுவதால், பிடிபட்ட பயத்தையும் முன்பே இருந்த நெருக்கடியையும் பிரிப்பது கடினம். இந்த விகிதம் மாற மணிக்கணக்காகும் என்பதால் அதற்கு ஓரளவு உதவும். அவர்களும் தொற்றுநோய் இருந்தால் இதே எண் இதே பக்கம் ஏறும் என்று எச்சரித்தே எழுதினார்கள்.

மனிதருக்கு வந்தது வேறு வழியில். 2001இல் பிராட்டிஸ்லாவாவில் ஸஹோரெட்ஸ் என்ற மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த புற்றுநோயாளிகளைக் கவனித்து, பெரிய அறுவைச் சிகிச்சைக்கும் இரத்தத்தில் தொற்றுப் பரவியதற்கும் பிறகு நியூட்ரோபில் ஏறி லிம்போசைட் இறங்குவது நோயின் கடுமையோடு ஒத்துப்போவதாக எழுதினார். இதற்கு அழுத்தக் காரணி என்று பொருள்படும் ஒரு பெயரையும் அவரே முன்வைத்தார். வயிறு திறந்து தைக்கப்பட்ட உடம்பின் அழுத்தம் அது. அதன் பின் பல நோய்களில், விகிதம் உயர்ந்த நோயாளிகளின் கூட்டம் மற்றவர்களை விட மோசமாகப் போகிறது என்று ஏராளமான ஆய்வுகள் வந்தன. கூட்டத்துக்கு உண்மையாக இருக்கும் அந்தத் தொடர்பைக் கொண்டு, கட்டிலில் படுக்காமல் பஸ்ஸில் வந்து நிற்கும் ஓர் ஆசிரியையின் மனநிலையைச் சொல்வது எந்த ஆய்வின் வேலையும் இல்லை. நீண்டகாலக் கவலைக்கும் இந்த விகிதத்துக்கும் கூட்டங்களில் தொடர்பு தெரியும் இடங்களிலும், ஆட்களுக்கிடையே உள்ள இயல்பான வித்தியாசம் அதை விழுங்கிவிடும் அளவுக்கு அகலமானது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. அதை நான் டெங்கு நோயாளிகளிடம் பார்க்கிறேன். காய்ச்சலின் நான்காம் ஐந்தாம் நாளில் வெண்குழியம் மூவாயிரத்துக்குக் கீழே இறங்கி, நியூட்ரோபிலை லிம்போசைட் முந்திவிடும். நியூட்ரோபில் 31, லிம்போசைட் 58 என்று வந்தால் விகிதம் 0.5. அழுத்தச் சுட்டி என்று நம்புகிறவருக்கு வைத்தியசாலையிலேயே நிம்மதியான மனிதர் அவர்தான். அந்த வேளையில்தான் குருதிச் சிறுதட்டு சரிந்து, குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கக் கூடும். வைத்தியர்கள் மணிக்கு மணி நாடியையும் சிறுநீரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விகிதம் தாழ்ந்திருப்பதை நல்ல செய்தியாக அச்சிடும் ஒரு மென்பொருள் அங்கே என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

"அப்ப இந்த 1.9 என்னதான் சொல்லுது சித்தப்பா?" என்று அவள் கேட்டாள். இன்று பதினொரு மணிக்கு உன் இரத்தத்தில் ஸ்டீரொயிட் குளிசையின் சாயல் இல்லை, பெரிய தொற்று இருப்பதற்கான அடையாளமும் இல்லை, அதற்கு மேல் இல்லை என்றேன். பாடசாலை அறையில் படுத்த ஐந்து இரவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிறகு நான் அந்தத் தாளில் அடிக்கோடிட்டது விகிதத்தை அல்ல, இயோசினோபில் 6 என்ற வரியை. 7,600இல் ஆறு சதவீதம் என்றால் சுமார் 450. மாத்திரையின் நாளில் அது 114ஆக இருந்தது. மருந்து விலகியதும் இயோசினோபில் திரும்பியிருக்கிறது, இழுப்பும் திரும்பக் கூடும். தினமும் இழுக்க வேண்டிய பழுப்பு நிற பம்ப் எங்கே என்று கேட்டேன். மழை தொடங்குவதற்கு முன்பே தீர்ந்துவிட்டதாகவும், நீல நிறத்தை மட்டும் பையில் வைத்திருப்பதாகவும் சொன்னாள். கிளினிக் புதன்கிழமை. தாளின் பின்பக்கத்தில் குளிசையின் பெயர், குடித்த தேதிகள், இரண்டு தடவையும் இரத்தம் எடுத்த நேரம் எல்லாவற்றையும் எழுதி, டொக்டரிடம் இந்தப் பக்கத்தை முதலில் காட்டு என்று சொல்லிக் கொடுத்தேன்.